நிலுவையில் நிற்கும் பணமும் புகார் சொல்ல அஞ்சும் மக்களும்

பந்தயச் செயலியிலிருந்து பணத்தை எடுக்கக் கோரிக்கை கொடுத்துவிட்டு, வாரக்கணக்கில் ‘பெண்டிங்’ என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முதலில் செய்வது அந்தச் செயலிக்கே புகார் எழுதுவதுதான். பதிலாக ‘பொறுமைக்கு நன்றி’ என்று ஒரு வரி வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். திண்டுக்கல் நகரத்தில் கடை வைத்திருப்பவர், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர் என யாராக இருந்தாலும் அடுத்துப் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிறார். வீட்டில் சொல்ல முடியாது. காவல் நிலையத்துக்குப் போனால் தன்மீதே வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் வேறு. இந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். சூதாட்டத் தளங்களைத் தடை செய்திருக்கும் நம் மாநிலச் சட்டம், அவற்றால் ஏமாற்றப்பட்டவரின் வாயையும் சேர்த்தே கட்டியிருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பணம் ஏன் நிலுவையில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். முறையாக நடக்கும் தளத்திலும் கோரிக்கை சில நாள் தாமதமாகக் காரணங்கள் உண்டு. வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் செயலியில் கொடுத்த பெயரும் பொருந்தாமல் இருக்கலாம். அடையாள ஆவணச் சரிபார்ப்பு முடியாமல் இருக்கலாம். போனஸ் வாங்கியிருந்தால், அந்தத் தொகையைப்போல் இத்தனை மடங்கு பந்தயம் கட்டிய பிறகே எடுக்கலாம் என்ற நிபந்தனை இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடையாளம் உண்டு: என்ன குறை, என்ன கொடுத்தால் தீரும் என்பதை அவர்களால் ஒரே மின்னஞ்சலில் சொல்லிவிட முடியும். சொல்லாமல் இழுத்தடிப்பது வேறு வகை. ஆதார் கேட்பார்கள், கொடுத்ததும் வங்கி அறிக்கை கேட்பார்கள், அதையும் கொடுத்ததும் ஆதாரைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் கேட்பார்கள். பணம் கட்டும்போது ஒன்றுமே கேட்காதவர்கள், எடுக்கும்போது மட்டும் வரிசையாகக் கேட்பார்கள். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2019 மே மாதம் முதல் இந்த உத்தியைத் தடுத்துவிட்டது. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை விளையாட விடும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்; முன்பே கேட்டிருக்கக்கூடிய தகவலைப் பணம் எடுக்கும் நேரத்தில் கேட்டு நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அங்கே உரிம நிபந்தனை.

நிலுவையால் தளத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ‘பெண்டிங்’ வரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘ரத்து செய்’ என்றொரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் தொகை மறுபடி ஆட்டக் கணக்குக்கு வந்துவிடும். காத்துக் காத்துச் சலித்தவர் ஒரு நள்ளிரவில் அதைத் தொடுவார். விடிவதற்குள் பணம் போய்விடும். பிறகு நிறுவனம் கொடுக்க வேண்டிய கடன் என்று எதுவும் இருக்காது. கோரிக்கையைத் திரும்பப் பெற வைக்கும் இந்த வசதியை பிரிட்டன் 2021இல் நிரந்தரமாகத் தடை செய்தது இதனால்தான். ஆகவே, காத்திருக்கும் நாட்களில் எக்காரணம் கொண்டும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

தெளிவுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தளத்தில் நான்கு தவணையாக மொத்தம் 20,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக் கணக்கில் இப்போது 68,000 ரூபாய் காட்டுகிறது. அவர் 50,000 ரூபாய் எடுக்கக் கோருகிறார். மூன்று வாரமாகப் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ‘மேலாளர்’ ஒருவர் வருகிறார். ‘இந்திய வருமான வரி 30 சதவீதம். அதை முதலில் கட்டினால் உடனே பணம் விடுவிக்கப்படும்’ என்கிறார். வரி விகிதத்தை அவர் சரியாகவே சொல்கிறார். பொய் மற்ற பாதியில் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இணைய விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதத்தைப் பணம் கொடுக்கும் நிறுவனமே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். மேற்சொன்ன கணக்கில் எடுக்கும் தொகையான 50,000இலிருந்து அவர் கட்டிய 20,000ஐக் கழித்தால் நிகர வெற்றி 30,000. அதில் வரி 9,000. அவர் கைக்கு வர வேண்டியது 41,000. வரவேண்டிய பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளக்கூடிய வரியை, தனியாக யூபிஐயில் அனுப்பு என்று எந்த உண்மையான நிறுவனமும் கேட்காது. வரி, ‘ரிலீஸ் சார்ஜ்’, ‘கணக்கு மேம்பாட்டுக் கட்டணம்’ என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் திரையில் தெரியும் 68,000 வெறும் எண்தான் என்று முடிவுகட்டிவிடலாம். கட்டிய 20,000 மட்டும்தான் உண்மையான பணம். நிலுவைக்காக எழுதும் எந்தப் புகாரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் தொடங்க வேண்டும்.

ஏனென்றால் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் எதையும் மீட்க வழக்கே போட முடியாது என்றும் சொல்கிறது. பந்தயம் செல்லாத ஒப்பந்தம்தானே தவிர அதனாலேயே சட்டவிரோதமாகிவிடாது என்று 1959இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் வென்ற தொகையைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்ற நிலை மாறவில்லை. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தடையை நீக்கி, 2007 செப்டம்பர் முதல் சூதாட்ட ஒப்பந்தத்தையும் மற்ற ஒப்பந்தங்களைப் போலவே நீதிமன்றத்தில் நிலைநாட்ட வழிசெய்தது. அங்கே ஒருவர் புகார் எழுதி, எட்டு வாரத்தில் தீராவிட்டால் சுயேச்சையான தீர்வு அமைப்புக்குக் கட்டணமின்றிப் போகலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் புகார்க் கடிதங்கள் பல அந்த நாட்டு நிலைமைக்கு எழுதப்பட்டவை. ‘எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் நடுவரிடம் போவேன்’ என்று திண்டுக்கல்லிலிருந்து எழுதினால், படிப்பவருக்கு அது வெற்று மிரட்டல் என்று தெரியும்.

உள்நாட்டில் பதிவு செய்த நிறுவனங்களின் நிலை வேறு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றதும், பெரிய நிறுவனங்கள் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டு, இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று பயனர்களுக்கு அறிவித்தன. அவர்களுக்கு இங்கே அலுவலகமும் வங்கிக் கணக்கும் இயக்குநர்களும் உண்டு. கடிதத்துக்குப் பொருள் உண்டு. இன்று வாரக்கணக்கில் நிலுவை வைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தளங்கள். அவற்றின் பக்கத்தின் அடியில் கரீபியன் தீவான குராசோவின் உரிமம் என்று ஒரு வரி இருக்கும். அந்த உரிமத்தை நம்பிப் போனவர்கள் பட்ட பாட்டுக்குச் சான்று இருக்கிறது. 1எக்ஸ்பெட் தளத்தோடு தொடர்புடைய 1எக்ஸ்கார்ப் நிறுவனம் வெற்றித் தொகையைத் தரவில்லை என்று விளையாடியவர்களுக்காக ஓர் அறக்கட்டளை வழக்குத் தொடுத்து, 2022இல் குராசோ நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் திவாலானதாக அறிவிக்கும் வரை கொண்டு போனது. ஒரு நிலுவையை அசைக்க அந்தத் தீவிலேயே வழக்கறிஞர் வைத்து வழக்காட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் குராசோ தன் சூதாட்டச் சட்டத்தை மாற்றிக் கண்காணிப்பை இறுக்கியிருக்கிறது. ஆனாலும் ஐம்பதாயிரம் ரூபாய்க்காக இங்கிருந்து அங்கே வழக்காடுவது நடக்கக்கூடிய காரியமல்ல.

அப்படியானால் கடிதமே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்று பார்த்தால் கடிதத்தின் உண்மையான பயன் தெரியும். வெளிநாட்டுத் தளத்துக்கு இங்கே வங்கிக் கணக்கு கிடையாது. நாம் ‘டெபாசிட்’ செய்யும் ஒவ்வொரு முறையும் திரையில் வேறு ஒரு யூபிஐ முகவரி வரும். அது யாரோ ஒரு தனிநபரின் பெயரிலோ, கேள்விப்படாத ‘டிரேடர்ஸ்’ பெயரிலோ இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாடகைக்கு விட்டவர்களின் கணக்குகள் இவை. பாரிமேட்ச் பந்தயத் தளம் தொடர்பான விசாரணையில் 2025 ஆகஸ்டில் பல நகரங்களில் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, தமிழ்நாட்டின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் நடந்ததாக ஒரு முறையை விவரித்தது. ஆடுபவர்கள் கட்டிய பணம் வாடகைக் கணக்குகளில் விழுந்தது. ஏடிஎம்களில் சிறு சிறு தொகையாக ரொக்கமாக எடுக்கப்பட்டது. ஹவாலா ஆட்களிடம் கொடுக்கப்பட்டு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மின்பணப்பைகளுக்குப் போய், கடைசியில் கிரிப்டோ நாணயமாக மாறியது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எந்த வங்கியின் எந்தக் கணக்கு என்பது விசாரணை அதிகாரிக்கு உடனே தெரியாது. பணம் கட்டியவரின் கைப்பேசியில் அது இருக்கிறது: தேதி, நேரம், தொகை, பெறுநரின் யூபிஐ முகவரி, 12 இலக்கப் பரிமாற்ற எண்.

இதே வழியில்தான் பணம் திரும்பியும் வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நிலுவை ஒரு நாள் தீர்ந்து 41,000 ரூபாய் கணக்கில் விழுந்தால், அதை அனுப்பியதும் ஒரு வாடகைக் கணக்காகவே இருக்கக்கூடும். அந்தக் கணக்கில் அதற்கு முன் விழுந்திருப்பது வேறொரு மாநிலத்தில் இணைய மோசடியில் ஏமாந்த ஒருவரின் பணமாக இருக்கலாம். அவர் 1930 எண்ணுக்கு அழைத்ததும், பணம் போன கணக்குகள் வரிசையாக நிறுத்தப்படும். அந்த வரிசையில் நம் ஊர்க்காரரின் சம்பளக் கணக்கும் வந்துவிடும். குறிப்பிட்ட தொகைக்காக முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஆனால் அந்த நிவாரணத்தைப் பெற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே வரவேண்டிய வெற்றித் தொகையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற நோக்கத்தில் எழுதும் கடிதம், வெற்றி பெற்றாலும் ஆபத்தில் முடியலாம்.

எனவே கடிதத்தை வேறு நோக்கத்தில் எழுத வேண்டும். ‘நான் வென்ற பணத்தைத் தாருங்கள்’ என்பது அதன் மையமாக இருக்கக் கூடாது. இன்ன பயனர் எண்ணில், இன்ன தேதிகளில், இன்ன பரிமாற்ற எண்கள் வழியாக, இன்ன யூபிஐ முகவரிகளுக்கு மொத்தம் 20,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். இன்ன தேதியில் 50,000 ரூபாய் எடுக்கக் கோரினேன். கோரிக்கை எண் இது. இன்று வரை காரணம் தெரிவிக்கப்படவில்லை. நிறுத்தி வைத்ததற்கான நிபந்தனையை விதி எண்ணோடு எழுத்தில் தெரிவியுங்கள். நான் கட்டிய தொகையை, கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு, உங்கள் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து திருப்புங்கள். என் ஆட்டக் கணக்கை மூடி, என் அடையாள ஆவணங்களை அழித்ததை உறுதிசெய்யுங்கள். இவ்வளவு போதும். வசை வேண்டாம், குடும்பக் கஷ்டத்தை விவரிக்கவும் வேண்டாம், ஏனென்றால் கஷ்டத்தில் இருப்பவரிடம்தான் ‘இன்னும் கொஞ்சம் கட்டினால் மொத்தமும் கிடைக்கும்’ என்று கேட்பது எளிது. அரட்டைப் பெட்டியில் எழுதினால் அவர்கள் விரும்பும்போது அழித்துவிடலாம் என்பதால் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இருப்பு, கோரிக்கை, விதிகள் ஆகிய பக்கங்களின் திரைப்பிடிப்பைக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். கடிதம் போனதும் கணக்கு மூடப்படுவது உண்டு. இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதன் நகல்தான் முக்கியம். அது வங்கிக் கிளைக்கும், cybercrime.gov.in தளத்துக்கும், மாவட்ட இணையவழிக் குற்றப்பிரிவுக்கும் போக வேண்டும். வங்கியிடம் ‘எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது’ என்று சொல்லிவிடக் கூடாது. ரகசிய எண்ணைத் தானே போட்டு அனுப்பிய பரிமாற்றத்துக்கு ரிசர்வ் வங்கியின் இழப்பீட்டு விதி பொருந்தாது. அந்தப் பொய் தெரிந்த பிறகு மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவு தெளிவாக வழி இருந்தும் ஏன் எழுதுவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2022இல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களை நினைவில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அதன் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரம்மி, போக்கர் தவிர்த்த மற்றவற்றில் உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதை உறுதியும் செய்தது. ஆனால் அந்தச் சட்டம் தளம் நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சொல்லும்போதே, ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ தளம் நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவர் ஆகியோரைத் தண்டிக்கிறது, ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்பதே அதன் பார்வை. அந்தச் சட்டத்துக்காக 2025 அக்டோபரில் வெளியான வரைவு விதிகள், முன்பு வாங்கிய பயனர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது குற்றமாகாது என்றும் சொல்லின. ஒரே மனிதர் டெல்லியின் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர், சென்னையின் சட்டத்தில் குற்றவாளி. திண்டுக்கல் காவல் நிலையத்தின் வாசலில் நிற்பவருக்கு இரண்டில் எது தன்மேல் பாயும் என்று தெரியாதபோது, அவர் திரும்பிப் போய்விடுவார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டவிரோதமான பரிவர்த்தனையில் இரு தரப்பும் சமமாகக் குற்றம் செய்திருந்தால், கொடுத்த பணத்தை மீட்க நீதிமன்றம் பொதுவாக உதவாது. ஒரு தரப்பைக் காப்பதற்காகவே சட்டம் எழுதப்பட்டிருந்தால், அந்தத் தரப்பு தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாதிட இடமுண்டு. ஆடுபவரையும் குற்றவாளியாக்கும் மாநிலச் சட்டத்தின் ஒரு வரி, கட்டிய 20,000 ரூபாயைக் கேட்கும் அந்த வாதத்தின் அடியையே வெட்டிவிடுகிறது. சூதாட்ட நிறுவனத்துக்கு எதிராக எழுதிய வரி, இந்த இடத்தில் அதற்குக் கேடயமாகிறது.

சூதாடத் தெரிந்தவனுக்கு இழக்கவும் தெரிய வேண்டும், அவன் பணத்துக்கு அரசு ஏன் காவல் நிற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டத்தில் தோற்ற பணத்தைப் பற்றியதாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயம். இங்கே பேசுவது தோற்ற பணத்தை அல்ல; கேட்டும் கொடுக்காமல் பிடித்து வைத்த பணத்தை. வென்ற தொகையைக் கூட வாங்கித் தரச் சொல்லவில்லை. ஆடியவர் தண்டனைக்குப் பயந்து விலகியிருப்பார், பயத்தை நீக்கினால் ஆடுபவர் பெருகுவார் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். தண்டனை எல்லாருக்கும் உண்டு என்று சட்டப் புத்தகத்தில் இருப்பதும், அது யார்மீது பாய்கிறது என்பதும் வேறு வேறு. தன் கைப்பேசியில் யாருக்கும் தெரியாமல் ஆடுபவரைக் காவல் துறை கண்டுபிடிப்பது அரிது. தானே வந்து எழுதிக் கொடுப்பவர்தான் எளிதில் சிக்குவார். ஆக, அந்தத் தண்டனையின் அச்சம் ஆடுபவரைவிடப் புகார் செய்பவரையே அதிகம் தடுக்கிறது. ஏற்கெனவே விசாரணைச் சுமையில் இருக்கும் காவலர்களிடம் இருபதாயிரம் ரூபாய் விவகாரங்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதா என்றும் கேட்கலாம். அந்த இருபதாயிரம் திரும்பி வருவது கடினம்தான்; பணம் போய் வாரங்கள் கடந்த பிறகு கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் அப்புகாரில் இருக்கும் நான்கு யூபிஐ முகவரிகளில் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தாலும், அதில் நாளை விழப்போகும் பணத்தை நிறுத்தலாம். சரக்கு-சேவை வரிப் புலனாய்வுத் துறை 2025 மார்ச்சில் 357 வெளிநாட்டுத் தளங்களை முடக்கியதாகவும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகளை நிறுத்தியதாகவும் அறிவித்தது. தளத்தை முடக்கினால் அடுத்த நாளே எழுத்து மாறிய பெயரில் வந்துவிடும். புதிய வாடகைக் கணக்கைப் பிடிக்க ஆள் வேண்டும், கிளை வேண்டும், பணம் வேண்டும். அவர்களுக்கு வலிக்கும் இடம் அதுதான்.

மாநில அரசு செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. ஆடியவருக்கான தண்டனைப் பிரிவில், தன் பணப் பரிமாற்ற விவரங்களோடு தானே முன்வந்து புகார் செய்பவர்மீது அந்தப் புகாரின் அடிப்படையில் வழக்குத் தொடரப்படாது என்று ஒரு விலக்கைச் சேர்க்கலாம். சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், அதுவரை காவல் துறைத் தலைமையின் சுற்றறிக்கை ஒன்று போதும். கணக்கை வாடகைக்கு விட்டவருக்கோ, ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கிய முகவருக்கோ இந்த விலக்கு பொருந்தாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்; இல்லாவிட்டால் அவர்களும் புகார்தாரராக வேடமிட்டு வருவார்கள். மாவட்ட அளவில் இணையவழிக் குற்றப்பிரிவு, வரும் புகாரிலுள்ள யூபிஐ முகவரிகளை அன்றே சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு அனுப்பி, கணக்கு யார் பெயரில், எந்தக் கிளையில் தொடங்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அந்தக் கிளை திண்டுக்கல்லிலேயோ நிலக்கோட்டையிலேயோ இருந்தாலும் வியப்பில்லை. கூலி வேலை பார்ப்பவரின் சேமிப்புக் கணக்கில் நாளுக்கு நூறு பேரிடமிருந்து பணம் விழுந்து, அன்றே ஏடிஎம்மில் ரொக்கமாகப் போகிறது என்றால், அதைக் கிளை மேலாளர் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.